கோட்டுக்குக் கீழே இறங்கிய அலை

பழுதைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கவைக்கும் ரிலேக்களைச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது நடந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் கையில் வைத்திருப்போம். எனக்கு அந்தப் பழக்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கல்லூரியிலேயே அப்படித்தான். கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவேன். வேலைக்கு வந்த பிறகு யார் முன்னால் தூக்குகிறேன் என்பது மட்டும்தான் மாறியது. சப்-ஸ்டேஷனில் எது விழுந்தாலும், அதாவது தானாக மின்சாரம் துண்டித்துக்கொண்டாலும், என் மடிக்கணினியை ரிலேயில் சொருகி, அது பதிந்து வைத்திருக்கும் அலைகளை இறக்கிப் பார்த்து, பத்து நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறேன். அதுதான் வினையாகப் போயிற்று.

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த ஒரு சப்-ஸ்டேஷனில் நடந்தது இது. அங்கே இரண்டு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தி, சில பாகங்களை மாற்றி, சோதனைகளும் முடித்திருந்தார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஊர் நிறைந்து கிடந்தது. இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரால் தனியாளாக முழு ஊரையும் தாங்க முடியாததால், தெருத் தெருவாக முறை வைத்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தறி ஓட்டுகிறவர்கள் காலையிலிருந்து போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆடிக்காற்று வேறு. டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கும் யார்டுக்குள் நின்றால் கண்ணைத் திறக்க முடியாத புழுதி.

அன்றைய ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் வாசுதேவநல்லூர்க்காரர். ஐம்பத்தாறு வயது. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர். "அண்ணாச்சி தாகம் எடுத்தாக்கூட லாக் புக்குல எழுதிட்டுத்தான் தண்ணி குடிப்பாரு" என்று அங்கே கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார், எழுதுவதை நிறுத்த மாட்டார். சுவிட்சைத் திருப்புகிறவனுக்குப் பேனாதான் தலைக்கவசம் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பகல் பதினோரு மணிக்கு அவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்தார். அதாவது, எதிர்ப்பக்கத்தில் ஊர்ச் சுமை எதையும் சேர்க்காமல், உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்தார். கொடுத்த கணமே பிரேக்கர் திறந்துகொண்டு மின்சாரத்தைத் துண்டித்தது. டிஃபரன்ஷியல் ரிலே அதை விழ வைத்திருந்தது. நான் அப்போது தென்காசிப் பக்கம் இன்னொரு வேலையில் இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தேன்.

டிஃபரன்ஷியல் ரிலேயின் வேலை எளிமையானது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிற மின்னோட்டத்தையும் வெளியே வருகிற மின்னோட்டத்தையும் கணக்குப்படி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் நடுவில் ஏதோ தின்றிருக்கிறது, உள்ளே பழுது என்று முடிவுகட்டி பிரேக்கரைத் திறந்துவிடும். ஆனால் நல்ல டிரான்ஸ்ஃபார்மரே ஒரு சமயத்தில் மட்டும் திருடன் மாதிரி நடந்துகொள்ளும். அது முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும் சமயம்.

இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல நான் ஒரு மாடிப்படியை வைத்திருந்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் இருக்கும் காந்தப்பாயத்தை ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்த அலையின் ஒவ்வொரு மேல் பாதியும் அவனை இருபது படி ஏற்றும், கீழ்ப் பாதி இருபது படி இறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் அவன் தரைக்குப் பத்துப் படி கீழேயிருந்து கிளம்பி, தரைக்குப் பத்துப் படி மேலே போய் நிற்பான். பிரச்சினை இல்லை. ஆனால் அழுத்தம் சுழியாக இருக்கும் கணத்தில் நாம் சுவிட்சைப் போட்டுவிட்டால், அவன் தரையிலிருந்தே கிளம்ப வேண்டியிருக்கிறது. அப்போதும் இருபது படி ஏறியே ஆக வேண்டும். மாடியோ பன்னிரண்டு படியோடு முடிந்துவிட்டது. இரும்பு அதற்கு மேல் தாங்காது, நிறைந்துவிடும். நிறைந்துபோன இரும்பைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் வெறும் காற்றைச் சுற்றியிருக்கும் சுருளுக்குச் சமம். மின்னோட்டத்தைத் தடுக்க ஆளில்லை. முழுச் சுமையைப் போலப் பல மடங்கு உள்ளே பாயும். பழைய காந்தம் இரும்பில் மிச்சமிருந்தால் இன்னும் மோசம், அவன் கிளம்பும்போதே ஆறாவது படியில் நிற்கிறான் என்று அர்த்தம். இன்ரஷ் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பாய்ச்சல் சில நொடிகளில் தானாகத் தணிந்துவிடும். இதற்குள் ரிலே பயந்து விழ வைத்துவிட்டால் எந்த டிரான்ஸ்ஃபார்மரையும் சார்ஜ் செய்யவே முடியாது.

அதனால் ரிலேக்கு ஒரு அடையாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பாய்ச்சல் ஒருபக்க அலை. ஆள் மாடியைத் தாண்டும் பாதியில் மட்டும் மின்னோட்டம் மலை மாதிரி எழும்பும். அவன் இறங்கி வரும் மற்றப் பாதியில் அநேகமாக ஒன்றுமே இருக்காது, கோட்டோடு கோடாகச் சமதளமாகக் கிடக்கும். மலை, சமதளம், மலை, சமதளம். உண்மையான பழுதின் மின்னோட்டம் அப்படியில்லை, மேலும் கீழும் ஒரே அளவாக ஆடும். ஒருபக்க அலையைப் பிரித்துப் பார்த்தால் நொடிக்கு ஐம்பது துடிப்போடு நூறு துடிப்பும் கணிசமாகக் கலந்திருக்கும். அதைத்தான் இரண்டாம் ஹார்மோனிக் என்கிறோம். மேலும் கீழும் ஒத்த அலையில் அந்த நூறு பெரும்பாலும் இருக்காது. ஐம்பதில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் அந்த நூறு தெரிந்தால், இது பழுதல்ல என்று ரிலே கையைக் கட்டிக்கொள்ளும். அங்கே வைத்திருந்த அளவும் அதுதான்.

நான் இறக்கிய பதிவில் மூன்று கட்டங்களுக்கும், அதாவது மூன்று ஃபேஸ்களுக்கும், மூன்று அலைகள். இரண்டில் அந்த நூறின் பங்கு முப்பதுக்கு மேல். மூன்றாவதில், ஆர் கட்டத்தில், பதினொன்று. பதினைந்தை எட்டாததால் ரிலே விழ வைத்திருக்கிறது.

எனக்கு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது. முந்தின நாள் சோதனைக் குழு கம்பிச்சுருளின் மின்தடையை அளந்திருந்தது. அந்தச் சோதனைக்கு நேர்மின்சாரம் விடுவார்கள். அது இரும்பை நன்றாகக் காந்தமாக்கிவிட்டுப் போகும். முடிந்ததும் அந்தக் காந்தத்தைப் படிப்படியாகப் போக்க வேண்டும். நேரமில்லை என்று அதைச் செய்யவில்லை. எனக்கு அது தெரியும். இரும்பு அளவுக்கு மீறி நிறையும்போது மலைகள் அகலமாகி, இரண்டாம் ஹார்மோனிக்கின் பங்கு குறையும். அதையும் படித்திருக்கிறேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கு மேல் நான் அலையைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன்.

"வெறும் இன்ரஷ்தான் அண்ணாச்சி" என்றேன். "டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒண்ணும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "மேடம், டிஃபரன்ஷியல்ல விழுந்தா எல்லா டெஸ்டும் எடுக்காம திருப்பிப் போடக்கூடாதுல்லா?"

அதுதான் விதி. குறைந்த அழுத்தம் கொடுத்துக் காந்த மின்னோட்டத்தை அளக்க வேண்டும், சுற்றுகளின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். கம்பிகளைக் கழற்றி மாட்டுவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். நான் யார்டுக்குப் போய், எண்ணெய்க்குள் வாயு சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் வாயு ரிலேயை மட்டும் பார்த்தேன். வாயு இல்லை. திரும்பி வருவதற்குள் மேலதிகாரி மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தார். "ஏம்மா, பழுதா, பழுதில்லையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். பழுதில்லை என்றேன். என்னை யாரும் கழுத்தைப் பிடித்து நெருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கே அவசரம். எனக்கே நிச்சயம்.

மறுபடி சார்ஜ் செய்யும்போது அதே பதினொன்று வந்து விழாமலிருக்க வேண்டும். காந்தத்தைப் போக்கிவிட்டுச் செய்வது ஒழுங்கான வழி. இன்னொரு வழியும் ரிலேக்குள்ளேயே இருக்கிறது. மூன்று கட்டங்களில் ஏதாவது ஒன்றில் இரண்டாம் ஹார்மோனிக் தெரிந்தாலும் மூன்றையுமே தடுத்து வை என்று ஒரு அமைப்பு. பலரும் பயன்படுத்துவதுதான், தவறொன்றும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கட்டத்தில் நிஜமாகவே பழுதிருந்தால், மற்ற இரண்டு நல்ல கட்டங்களின் சாட்சியைக் கேட்டு ரிலே அந்தப் பழுதையும் பொறுத்துக்கொள்ளும். மின்னோட்டம் மிகப் பெரிதாக வந்தால் எந்தச் சாட்சியும் கேட்காமல் விழ வைக்கும் தனி அளவு ஒன்று உண்டுதான். சில சுற்றுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பழுது அந்த அளவை எட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் நான்கு பொத்தானை அழுத்தி மாற்றினேன்.

"ஒரு வரி எழுதித் தந்திருங்க மேடம்" என்றார் அண்ணாச்சி.

"கையெழுத்தா? சார்ஜ் ஆனதும் போடுதேன் அண்ணாச்சி. டெஸ்ட் ஓகேன்னு நீங்க எழுதிக்கிடுங்க."

அங்கே அது வழக்கம்தான். சோதிக்கிறவர் வாயால் சொல்வார், ஆபரேட்டர் எழுதுவார், கையெழுத்து பிறகு வந்து சேரும். அவர் ஒருவர்தான் அந்த வழக்கத்துக்கு மசியாமல் இருந்தவர். என் மேல் இருந்த நம்பிக்கையில் அன்றைக்கு மசிந்தார். குனிந்து, நிதானமாக, 'சோதனைகள் முடிந்தன. சரி' என்று எழுதினார். நேரத்தையும் எழுதினார். பிறகு எழுந்து போய் சுவிட்சைத் திருப்பினார்.

உறுமல் கேட்டது. சார்ஜ் செய்யும்போது எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும், பிறகு தணியும். பிரேக்கர் இந்தத் தடவை திறக்கவில்லை. "பாத்தீங்களா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்று, ஒன்றரை நொடி இருக்கும். உறுமலுக்குள்ளிருந்து வேறொரு சத்தம், இரும்புப் பீப்பாயை உள்ளேயிருந்து உதைத்த மாதிரி. வாயு ரிலே பிரேக்கரைத் திறந்தது. யார்டில் அழுத்த வால்வு பிய்த்துக்கொண்டு எண்ணெய் பீறிட்டது. காற்று அதை அள்ளி ஜல்லி முழுவதும் தெளித்தது. தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. அண்ணாச்சி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். "நான்தான மேடம் போட்டேன்" என்றார்.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. திருவிழா இருட்டும் வெளிச்சமுமாக நடந்து முடிந்தது.

என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது பதிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு கட்டங்களில் மலை, சமதளம். ஆர் கட்டத்தில் மேலும் கீழும் ஆடுகிற முழு அலை, சுத்தமான பழுது. நான் அந்த அமைப்பை மாற்றாமல் இருந்திருந்தால் ரிலே இரண்டு மூன்று சுழற்சிக்குள் விழ வைத்திருக்கும். ஒன்றரை நொடி உள்ளே எரியவிட்டது நான்.

பிறகு முதல் பதிவைப் பெரிதாக்கினேன். ஆர் கட்டத்து அலையில் மலைகள் இருந்தன. மலைகளுக்கு நடுவே சமதளம் இருக்க வேண்டிய இடத்தில் சமதளம் இல்லை. கோட்டுக்குக் கீழே அலை இறங்கி ஏறியிருந்தது. சின்னதாக, ஒவ்வொரு சுழற்சியிலும், தவறாமல். காந்தம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இன்ரஷ் அப்படி இறங்காது, சமதளம் குறுகுமே தவிர வளையாது. உள்ளே சில சுற்றுகள் முதல் தடவையே ஒட்டிக்கொண்டிருந்தன. பழுதின் ஐம்பது துடிப்பு பாய்ச்சலோடு கலந்ததால்தான் பங்கு பதினொன்றாகக் குறைந்திருக்கிறது. ரிலே ஏமாறவில்லை. அது சொன்னது சரி. அதன் வாயைக் கட்டிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னது நான்.

விசாரணை வந்தது. லாக் புக்கில் அண்ணாச்சியின் கையெழுத்தில் 'சோதனைகள் முடிந்தன. சரி' என்று இருந்தது. என் கையெழுத்து இல்லை. பதிவுகளை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டியவள் நான்.

அறிக்கை கொடுப்பதற்கு முந்தின நாள் பிற்பகல் அவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எனக்காக ஏதும் எழுதச் சொல்லி வரல மேடம். நடக்காத டெஸ்டை நடந்ததா எழுதினேன், அது என் தப்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். முதல்ல விழுந்துச்சுல்லா, அப்பமே அது கெட்டுத்தான் இருந்துச்சா? இல்ல, நல்லா இருந்தத நான் ரெண்டாந்தடவை போட்டுக் கெடுத்தேனா?"

மடிக்கணினி திறந்தே இருந்தது. திரையில் அந்த அலை இருந்தது. அவர் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியாது. ஆமாம், முதலிலேயே கெட்டிருந்தது என்று சொன்னால், அப்படியானால் நீங்கள் ஏன் பழுதில்லை என்றீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அவர் கேட்காவிட்டாலும் விசாரணையில் கேட்பார்கள்.

"தெரியலை அண்ணாச்சி" என்றேன். "பதிவுல அது தெளிவா இல்ல."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது முறை மின்னேற்றியபோது எடுத்த பதிவில் உட்பழுது தெளிவாகத் தெரிகிறது என்று அறிக்கை எழுதினேன். முதல் பதிவின் எண்களைச் சேர்த்தேன், அலையைச் சேர்க்கவில்லை. அமைப்பை மாற்றியதையும் எழுதினேன், அது அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு என்ற வரியோடு. ஒரு பொய்கூட அதில் இல்லை. அதைத் தயாரிக்க எனக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அவரைத் தற்காலிக நீக்கம் செய்து, பிறகு பதவி இறக்கி, மீட்டர் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அவரை எந்த சுவிட்சையும் தொடவிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கியளா மேடம்" என்று அவர்தான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. வாழைப்பழக் கடை ஓரமாக நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டுக்குக் கீழே இறங்கிய அலையைச் சொன்னேன். முதல் தடவையே கெட்டிருந்தது, நீங்கள் கெடுக்கவில்லை என்றேன். பாரம் இறங்கப்போகிறது என்று ஒரு ஆசை இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. வருகிற பஸ்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் ரூமுக்கு வந்து கேட்டேனே, அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"ம்."

சிவகிரி வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"பதவி போனது ஒண்ணும் இல்ல மேடம், எழுதினதுக்குப் போச்சு. முப்பது வருசம் சுவிட்சைப் போட்டவன், கடைசியில நல்லா இருந்த ஒண்ணைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். இந்த ரெண்டு வருசமா இந்தக் கையை வச்சு வீட்டுல ஒரு லைட்டு போட்டதில்ல. இருட்டிட்டுன்னா வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுதேன்."

சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சன்னல் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. பஸ் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.